1 − 1/2 + 1/3 − 1/4 + … இன்டெக்ரல் போட்டு கூட்டும்போது விடை இடிக்குதா? அறிகுறி பார்த்து சரி பண்ற வழி

முதல்ல எல்லாம் ஒழுங்கா நடந்தா கணக்கு எப்படி இருக்கும்னு ஒரு தடவை எழுதிப் பார்த்துடலாம், அப்பதான் உங்க நோட்டுல எந்த வரி விலகிப் போச்சுன்னு பக்கத்துல வெச்சு ஒப்பிட முடியும்.

```
1/n = ∫₀¹ xⁿ⁻¹ dx

S = 1 − 1/2 + 1/3 − 1/4 + …
  = ∫₀¹ 1 dx − ∫₀¹ x dx + ∫₀¹ x² dx − …
  = ∫₀¹ (1 − x + x² − x³ + …) dx
  = ∫₀¹ dx/(1+x)
  = ln 2 = 0.693147…
```

இதுல S-னு ஆரம்பிக்கற வரியை மொதல் வரியா எண்ணினா, ரெண்டாவது வரியிலிருந்து மூணாவது வரிக்குப் போற இடம்தான் எல்லாப் பிரச்சனைக்கும் வீடு, அங்கதான் முடிவில்லாத கூட்டலையும் இன்டெக்ரலையும் இடம் மாத்துறோம். மத்ததெல்லாம் பத்தாம் கிளாஸ் ஜியோமெட்ரிக் சீரிஸும் பன்னெண்டாம் கிளாஸ் இன்டெக்ரலும்தான். அதனால கீழ மொதல் அறிகுறியை சீக்கிரம் முடிச்சுட்டு, இந்த இடமாத்தம் சம்பந்தப்பட்டதுல நிறைய நேரம் நிக்கப் போறேன்.

அறிகுறி: விடை 0.3069ன்னு வருது, இல்லேன்னா −0.6931, இல்லேன்னா முடிவிலி

இது மூணும் எழுத்துப் பிழை, தத்துவப் பிழை கிடையாது. 0.3069 வந்தா நீங்க 1/n-க்கு பதிலா ∫₀¹ xⁿ dx எழுதிட்டீங்கன்னு அர்த்தம், அது 1/(n+1), ஆனா n-ஐ 1-லிருந்தே ஓட்டிட்டீங்க, அதனால உள்ள x − x² + x³ − … வந்து அது x/(1+x) ஆகி, இன்டெக்ரல் 1 − ln 2 ஆயிடுச்சு, அதாவது 0.306853. பவர் n−1-னா n 1-லிருந்து ஆரம்பிக்கணும், பவர் n-னா 0-லிருந்து. மொதல் டெர்ம் 1, அதனால இன்டெக்ரலுக்குள்ள மொதல்ல வர்றது x கிடையாது 1தான், இதை மட்டும் பார்த்தாலே பிடிச்சுடலாம்.

மைனஸ் வந்தா (−1)ⁿ⁻¹ இருக்க வேண்டிய இடத்துல (−1)ⁿ இருக்கு. முடிவிலி வந்தா குறியை எங்கயோ தொலைச்சுட்டீங்க, உள்ள 1/(1−x) ஆயிடுச்சு, அது x = 1 பக்கத்துல வெடிக்குது. அது வெடிக்கறது சரிதான், ஏன்னா குறி இல்லாத 1 + 1/2 + 1/3 + … முடிவில்லாமத்தான் போகும்.

அறிகுறி: விடை சரி, ஆனா "ஏன் இடம் மாத்தலாம்?"னு கேட்டா பதில் இல்ல

எங்கிட்ட ஒரு பையன் நோட்டை எடுத்துட்டு வந்தான், மேல எழுதின அஞ்சு வரியும் அப்படியே இருக்கு, ln 2-வும் இருக்கு, மூணாவது வரி பக்கத்துல சிவப்பு மையில ஒரு கேள்விக்குறி, மார்க்குல பாதி போச்சு. "சார் விடை சரிதானே, அப்புறம் என்ன?"ன்னு கேட்டான். நான் அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், மூணாவது வரியில உள்ள இருக்கற சீரிஸ்ல x = 1 போடுன்னு. போட்டான். 1 − 1 + 1 − 1 + … வந்துச்சு. இது எங்கயும் போய் நிக்காத தொகை, 1, 0, 1, 0-ன்னு ஆடிக்கிட்டே இருக்கும். ஆனா நாலாவது வரியில அதே x = 1-ல 1/(1+x) போட்டா கம்பீரமா 1/2ன்னு வருது. அப்போ ஓரத்துல ரெண்டும் ஒண்ணு இல்ல.

ஒரே ஒரு புள்ளியில ஒத்துப் போகலேன்னா இன்டெக்ரலுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்கலாம், நியாயமான கேள்வி, ஒரு புள்ளிக்கு அகலம் கிடையாது. ஆனா பிரச்சனை அந்த ஒரு புள்ளி இல்ல, அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல இருக்கற இடம். x = 0.999-ல ஜியோமெட்ரிக் சீரிஸ் கண்டிப்பா 1/(1+x)-க்குப் போய்ச் சேரும், ஆனா ஆயிரக்கணக்குல டெர்ம் கூட்டினாத்தான் போய்ச் சேரும், 0.9999-ல பல்லாயிரம் வேணும். எத்தனை டெர்ம் எடுத்தாலும் 1-ஐ ஒட்டி ஒரு சின்னத் துண்டு இன்னும் ஒழுங்காகாம கிடக்கும். அந்தத் துண்டோட பரப்பு எவ்வளவுன்னு பார்க்கறதுதான் மொத்த வேலையும்.

சரி பண்ற வழி ரொம்ப சுலபம், முடிவில்லாத தொகையை மொதல்லயே எழுதாதீங்க. N டெர்ம் மட்டும் எடுங்க. முடிவுள்ள கூட்டலை இன்டெக்ரலோட இடம் மாத்த யார் அனுமதியும் தேவையில்ல.

```
1 − x + x² − … + (−x)ᴺ⁻¹ = (1 − (−x)ᴺ)/(1+x)

S_N = ln 2 − (−1)ᴺ E_N

E_N = ∫₀¹ xᴺ/(1+x) dx
```

இதுல தோராயம்னு எதுவுமே இல்ல, ஒவ்வொரு N-க்கும் இது அப்படியே சமம். இப்போ மிச்சம் E_N பூஜ்யத்துக்குப் போகுதான்னு மட்டும் பார்க்கணும். 0-லிருந்து 1 வரைக்கும் 1+x-ங்கறது 1-க்கும் 2-க்கும் நடுவுல இருக்கு, அதனால E_N-ங்கறது 1/(2(N+1))-க்கும் 1/(N+1)-க்கும் நடுவுல மாட்டிக்குது. N பெருசாக பெருசாக ரெண்டு பக்கமும் பூஜ்யம், முடிஞ்சுது. அந்தப் பையன் மூணாவது வரிக்கு பதிலா இந்த மூணு வரியை எழுதியிருந்தா கேள்விக்குறி வந்திருக்காது.

கண்ணால பார்க்கணும்னா N = 100-க்கு xᴺ/(1+x)-ஐ மூணு இடத்துல போட்டுப் பாருங்க. x = 0.9-ல அது 0.000014, கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. x = 0.99-ல 0.18. x = 1-ல 0.5. அதாவது தட்டையா படுத்துக் கிடந்து, கடைசி நூறுல ஒரு பங்கு அகலத்துல மட்டும் தலையைத் தூக்குது. எவ்வளவு தூக்குது? 1/2-தான், N எவ்வளவு பெருசானாலும் அதுக்கு மேல போகாது. அகலம் 1/N அளவுக்குச் சுருங்குது, உயரம் 1/2-ல நிக்குது, ரெண்டையும் பெருக்கினா பூஜ்யத்துக்குப் போயிடுது. இந்த "உயரம் பெருக்கல் அகலம்"ங்கறதை மனசுல வெச்சுக்கோங்க, கீழ இதே ஆயுதம்தான் திரும்பத் திரும்ப வரும்.

அறிகுறி: புத்தகத்துல இருக்கற தியரம் எதைப் போட்டாலும் பொருந்த மாட்டேங்குது

இங்கதான் நிறைய பேர் மனசு விட்டுடறாங்க, "நான் ஏதோ தப்பா பண்றேன்"னு நினைச்சுக்கறாங்க, தப்பு உங்க மேல இல்ல, அந்தக் கருவிங்க இந்த வேலைக்குப் பத்தலை.

யூனிஃபார்ம் கன்வர்ஜன்ஸ் பார்க்கப் போனீங்கன்னா, 1-க்குக் கீழ எல்லா இடத்துலயும் உச்சப் பிழை எவ்வளவுன்னு கேட்கும், அது மேல பார்த்த அந்த 1/2, எத்தனை டெர்ம் எடுத்தாலும் குறையவே குறையாது. அதனால யூனிஃபார்ம் கிடையாது. வயர்ஸ்ட்ராஸ் எம்-டெஸ்ட் போட்டா ஒவ்வொரு டெர்முக்கும் உச்சம் 1, 1 + 1 + 1 + … கன்வர்ஜ் ஆகாது. ஃபுபினி போடலாம்னா எல்லாத்தையும் மாடுலஸ் எடுத்துக் கூட்டச் சொல்லும், அது 1 + 1/2 + 1/3 + …, அதுவும் முடிவிலி. மூணும் கையை விரிச்சுடும்.

ஆனா இந்த மூணும் "இப்படி இருந்தா மாத்தலாம்"னுதான் சொல்லுது, "இப்படி இல்லேன்னா மாத்தக் கூடாது"ன்னு சொல்லவே இல்ல. டெஸ்ட்ல ஃபெயில் ஆனதை வெச்சு இடமாத்தம் தப்புன்னு எழுதிட்டு வந்தவங்களையும் பார்த்திருக்கேன், அதுவும் தப்பு.

பொருந்துற கருவி ரெண்டு இருக்கு. ஒண்ணு, டாமினேட்டட் கன்வர்ஜன்ஸ், ஆனா அதை ஒவ்வொரு டெர்முக்கும் போடாம பகுதித் தொகைக்குப் போடணும். (1 − (−x)ᴺ)/(1+x) எப்பவும் 0-க்கும் 1-க்கும் நடுவுலதான் இருக்கும், ஏன்னா 1-ல ஆரம்பிச்சு கொஞ்சம் கழிச்சு, அதை விடக் கம்மியா கூட்டி, அதை விடக் கம்மியா கழிச்சுன்னு போகுது, 1-ஐத் தாண்டவும் முடியாது 0-க்குக் கீழ இறங்கவும் முடியாது. எல்லா N-க்கும் 1-ங்கற ஒரே மூடி பொருந்துது, [0,1]-ல 1-ஓட இன்டெக்ரல் 1, இது போதும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது, ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்துடறது. (1 − x) + (x² − x³) + (x⁴ − x⁵) + … ஒவ்வொரு ஜோடியும் x²ᵏ(1 − x), அது நெகட்டிவ் ஆகவே ஆகாது. எல்லாம் பாசிட்டிவா இருந்தா டொனெல்லி தியரம் கேள்வியே கேட்காம இடம் மாத்த விட்டுடும். இன்டெக்ரல் எடுத்தா 1/(1·2) + 1/(3·4) + 1/(5·6) + … வரும், இதே சீரிஸைத்தான் 1668-ல ப்ரௌங்கர் ஹைப்பர்போலாவுக்குக் கீழ இருக்கற பரப்பைக் கண்டுபிடிக்கப் போட்டாரு. ஜோடி சேர்க்கறதுல ஒரே ஒரு விஷயம் கவனிக்கணும், ஜோடித் தொகை S₂, S₄, S₆-ன்னு இரட்டைப்படையை மட்டும்தான் தரும், ஆனா அடுத்த டெர்ம் 1/(2k+1) பூஜ்யத்துக்குப் போறதால ஒற்றைப்படையும் அதே இடத்துக்குத்தான் வரும். இதை ஒரு வரி எழுதிடுங்க.

அறிகுறி: "0-லிருந்து a வரை இன்டெக்ரல் போட்டு கடைசியில a = 1 வெச்சேன்", ஆனா அதுக்கும் மார்க் கொடுக்கலை

இது புத்திசாலித்தனமான முயற்சி, பாதி தூரம் சரியாவும் இருக்கு. a < 1-னா [0,a]-ல சீரிஸ் யூனிஃபார்மா கன்வர்ஜ் ஆகுது, இடமாத்தம் சுத்தமா செல்லும், ln(1+a) = a − a²/2 + a³/3 − … வந்துடும். இதுல a = 1 வெச்சா முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா இடது பக்கம் a-வை 1-க்கு நகர்த்தறதும், வலது பக்கம் முடிவில்லாத தொகைக்குள்ள இருக்கற ஒவ்வொரு a-க்கும் 1 போடறதும் ஒரே செயல் இல்ல, நீங்க ஒரு இடமாத்தத்தைத் தவிர்க்கப் போய் அதே பிரச்சனையை வேற சட்டை போட்டு உள்ள கொண்டு வந்துட்டீங்க.

இதுக்கு ஆபெல் தியரம்னு எழுதினா போதும், வலது பக்க சீரிஸ் a = 1-ல கன்வர்ஜ் ஆகுதுன்னு தனியா காட்டிட்டு (குறி மாறி மாறி வந்து டெர்ம் குறைஞ்சுக்கிட்டே போறதால ஆகுது) ஆபெலைக் கூப்பிடலாம். தியரம் பேர் சொல்லாம செய்யணும்னா, N டெர்முக்கு அப்புறம் பிழை aᴺ⁺¹/(N+1)-க்கு மேல போகாது, அது 1/(N+1)-க்கும் மேல போகாது, இதுல a-வே இல்ல பாருங்க. இன்டெக்ரல் எடுத்ததுக்கு அப்புறம் சீரிஸ் [0,1] முழுக்க யூனிஃபார்ம் ஆயிடுச்சு, எடுக்கறதுக்கு முன்னாடி ஆகலை. அதனால a = 1 வரைக்கும் தொடர்ச்சி அறுபடாம போகும்.

அறிகுறி: விடை 0.3466ன்னு வருது

இதுதான் நான் எழுத உட்கார்ந்ததுக்கே காரணம், தயவுசெஞ்சு இதை நிதானமா படிங்க. இன்டெக்ரலுக்குள்ள 1/(1+x) சரியா வந்திருக்கும், அதே நேரத்துல டெர்மை நேரா கூட்டினா ln 2-ல பாதி வரும், "கால்குலேட்டர் பொய் சொல்லுதா, இல்ல கணக்கு பொய் சொல்லுதா"ன்னு தலையைப் பிச்சுக்கத் தோணும்.

காரணம் பெரும்பாலும் இதுதான், டெர்மை வரிசை மாத்திட்டீங்க. ஒரு பாசிட்டிவ், ரெண்டு நெகட்டிவ்னு எடுத்தா:

```
1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + 1/5 − 1/10 − 1/12 + …
```

எந்த டெர்மும் விடுபடலை, எந்த டெர்மும் ரெண்டு தடவை வரலை. மூணு மூணா பிரிச்சா k-ஆவது கூட்டம் 1/(2k−1) − 1/(4k−2) − 1/(4k). மொதல் ரெண்டையும் சேர்த்தா 1/(4k−2), அப்போ கூட்டம் 1/(4k−2) − 1/(4k), அதாவது (1/2)·(1/(2k−1) − 1/(2k)). மொத்தமும் பழைய சீரிஸ்ல சரிபாதி. அதனால தொகை 0.346574, இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்ல.

இப்போ இதையே இன்டெக்ரலா எழுதுங்க. k-ஆவது கூட்டம் x²ᵏ⁻² − x⁴ᵏ⁻³ − x⁴ᵏ⁻¹. x < 1-ல முடிவில்லாம கூட்டினா பாசிட்டிவ் பகுதி 1/(1−x²), நெகட்டிவ் பகுதி x/(1−x²), கழிச்சா (1−x)/(1−x²), அது 1/(1+x). அதே ஃபங்ஷன்! x < 1-ல ஜியோமெட்ரிக் சீரிஸ் மாடுலஸோடயே கன்வர்ஜ் ஆகுது, அதனால அங்க வரிசை மாத்தினா ஒண்ணும் ஆகாது. ஆக உள்ள இருக்கற ஃபங்ஷன் 1/(1+x), அதோட இன்டெக்ரல் ln 2, ஆனா டெர்ம் டெர்மா இன்டெக்ரல் எடுத்துக் கூட்டினா ln 2-ல பாதி. இடமாத்தம் நிஜமாவே உடைஞ்சு போற இடம் இது, அதுவும் வேற ஏதோ செயற்கையான உதாரணத்துல இல்ல, நம்ம சீரிஸ்லயே. "x < 1-ல எல்லா இடத்துலயும் கன்வர்ஜ் ஆகுது, அதனால மாத்தலாம்"னு எழுதறவங்க வாதம் இங்கயும் அட்சரம் பிசகாம பொருந்தும், விடை மட்டும் தப்பா வரும். அதனாலதான் அந்த வாதத்துக்கு மார்க் கிடையாது.

எங்க காணாமப் போச்சு அந்த மிச்ச 0.3466? மறுபடியும் முடிவுள்ள தொகையை எடுங்க. K கூட்டம் வரைக்கும் கூட்டினா:

```
1/(1+x) − (x²ᴷ − x⁴ᴷ⁺¹)/(1−x²)
```

ரெண்டாவதா இருக்கறதுதான் மிச்சம். K = 50 வெச்சு முன்னாடி பார்த்த அதே மூணு இடத்துல போடலாம். x = 0.9-ல 0.00014, இங்கயும் தட்டை. x = 0.99-ல 11.7. x = 1-ஐ நெருங்க நெருங்க 50.5. முன்னாடி 0.18-உம் 0.5-உம் வந்த இடத்துல இப்போ 11.7-உம் 50.5-உம். உயரம் பொதுவா K + 1/2, அது K-ஓட சேர்ந்து வளருது, அகலம் 1/K அளவுல சுருங்குது, பெருக்கினா பூஜ்யத்துக்குப் போகாம ஒரு நிலையான பரப்பு மிஞ்சுது. 50 கூட்டத்துக்கு அந்தப் பரப்பு 0.34906, K வளர வளர அது ln 2-ல பாதி, அதாவது 0.34657-ல போய் நிக்குது. ஊசி மாதிரி மெலிஞ்சு மெலிஞ்சு x = 1-ல ஒட்டிக்கிட்டு, எந்த ஒரு x < 1-லயும் நின்னு பார்த்தா கண்ணுக்கே தெரியாம மறைஞ்சு போற பரப்பு அது. புள்ளி புள்ளியா லிமிட் எடுத்தா அது காணாமப் போயிடும், இன்டெக்ரல் மட்டும் அதை மறக்காது.

மூடி போட்ட வாதம் இங்க ஏன் வேலை செய்யலைன்னும் இப்போ புரியும். சாதாரண வரிசையில x = 1-ல பகுதித் தொகை 1, 0, 1, 0-ன்னுதான் ஆடுச்சு. இந்த வரிசையில ஒவ்வொரு கூட்டமும் 1 − 1 − 1, K கூட்டத்துக்கு அப்புறம் −K. மூடியே போட முடியாது.

சரி பண்ணணும்னா இயல்பான வரிசைக்குத் திரும்புங்க, அவ்வளவுதான். வேணும்னே மாத்தின வரிசையோட தொகைதான் கேள்வின்னா மிச்சத்தையும் சேர்த்துக் கணக்கு பண்ணுங்க. p பாசிட்டிவ், q நெகட்டிவ்னு மாறி மாறி எடுத்தா தொகை ln 2 + (1/2)·ln(p/q). நம்மளோடது p = 1, q = 2. யாருக்காவது 1.0397 வந்தா அவங்க ரெண்டு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ்னு எடுத்திருப்பாங்க, அது ln 2-ல ஒண்ணரை மடங்கு. லூப் எழுதும்போது ஒற்றைப்படைக்கும் இரட்டைப்படைக்கும் தனித்தனி கவுண்டர் வெச்சு வேற வேற வேகத்துல ஓட்டினாலே இது தானா நடந்துடும், அதனால 0.3466-உம் 1.0397-உம் பார்த்தா மொதல்ல கவுண்டரைப் பாருங்க.

அறிகுறி: சீரிஸ் கன்வர்ஜே ஆகலை, ஆனா இந்த முறை ஒரு நம்பரைக் கொடுத்துடுச்சு

1 = ∫₀¹ n xⁿ⁻¹ dx-ன்னு எழுதி 1 − 1 + 1 − 1 + …-ஐ இதே மாதிரி பண்ணிப் பார்த்தவங்களுக்கு இது வரும். உள்ள 1 − 2x + 3x² − … = 1/(1+x)², இன்டெக்ரல் 1/2. ஆனா நிஜத் தொகை 1-லயும் 0-லயும் ஆடுது. ஊசியை அளந்தீங்கன்னா உயரம் N/2 அளவு, அகலம் 1/N அளவு, பரப்பு ஒவ்வொரு தடவையும் 1/2, ஒரு தடவை பிளஸ் ஒரு தடவை மைனஸ். இந்த 1/2-ஐ ஆபெல் தொகைன்னு சொல்லிக்கலாம், சாதாரண அர்த்தத்துல தொகைன்னு எழுதக் கூடாது. இன்டெக்ரல்ல ஒரு நம்பர் வர்றதே சீரிஸ் கன்வர்ஜ் ஆகுதுங்கறதுக்குச் சாட்சி ஆகாது, அதைத் தனியா காட்டணும்.

அறிகுறி: கம்ப்யூட்டர்ல 100 டெர்ம் கூட்டினேன், 0.688தான் வருது

```python
from math import log
s = 0.0
for n in range(1, 101):
    s += (-1)**(n-1) / n
print(s, log(2) - s)
```

இதை ஓட்டினா 0.688172-உம் வித்தியாசம் 0.004975-உம் வரும். புரோகிராம் சரி, கணக்கும் சரி, சீரிஸ்தான் மெதுவா போகுது. E₁₀₀ 1/202-க்கும் 1/101-க்கும் நடுவுல இருக்கணும்னு மேலயே பார்த்தோம், 1/202-ங்கறது 0.00495, அதுக்கு ஒட்டின மாதிரிதான் இருக்கு. பரப்பு முழுக்க x = 1 பக்கத்துல இருக்கு, அங்க 1+x கிட்டத்தட்ட 2, அதனால கீழ் எல்லையை ஒட்டியே நிக்குது. ஆறு இலக்கம் சரியா வேணும்னு வெறுமனே கூட்டிக்கிட்டே போனா பத்து லட்சம் டெர்ம் ஆகும்.

ஆனா பிழை எப்படி இருக்கும்னு தெரிஞ்சதால அதையே கழிச்சுக்கலாம். E_N-ஐ 1/(2N+1)ன்னு எடுத்துக்கோங்க, 100 டெர்முக்கு அப்புறம் 1/201-ஐக் கூட்டுங்க, 0.6931473 வரும், ln 2-ஓட 0.69314718-ஐ விட ஒரு கோடியில ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் தள்ளி இருக்கு. கடைசி டெர்ம் மைனஸ்ல முடிஞ்சா (N இரட்டைப்படை) கூட்டணும், பிளஸ்ல முடிஞ்சா கழிக்கணும், இதை மாத்திப் போட்டா பிழை ரெண்டு மடங்கா ஆகும், 0.683ன்னு வரும், அதை வெச்சே கண்டுபிடிச்சுடலாம்.

வித்தியாசம் 0.004975-க்கு பதிலா வேற ஏதாவது வந்தா மட்டும் லூப்பை சந்தேகப்படுங்க. range(1, 100)ன்னு எழுதினா 99 டெர்ம்தான் ஓடும், 0.698172 வரும், ln 2-க்கு மேல போயிடும்.

அறிகுறி: 1 − 1/3 + 1/5 − …, 1 − 1/4 + 1/7 − … இதுக்கெல்லாம் முறை வேலை செய்யுமான்னு தெரியலை

செய்யும், அதே மிச்சத்தை எழுதினீங்கன்னா. டெர்ம் d d-யா தாவிப் போனா உள்ள 1/(1+xᵈ) வரும், மிச்சம் ∫₀¹ xᵈᴺ/(1+xᵈ) dx, அது 1/(dN+1)-க்கு மேல போகாது, பூஜ்யத்துக்குப் போயிடும். d = 2-னா π/4. d = 3-னா பார்ஷியல் ஃப்ராக்ஷன் போட்டு (1/3)·ln 2 + π/(3√3), அதாவது 0.835649. இங்க தப்பு நடக்கறது இடமாத்தத்துல இல்ல, 1 + x³ = (1+x)(1 − x + x²)-னு உடைச்சு arctan எடுக்கற இடத்துல, x² − x + 1-ஐ (x − 1/2)² + 3/4-ன்னு எழுதும்போது கீழ் எல்லை x = 0-ல arctan பூஜ்யம் ஆகாது, −π/6 வரும், அதை விட்டுட்டா விடை 0.533-ல நின்னுடும்.